வெட்டுவதா, வெளுப்பதா? பாஸ்போர்ட் போட்டோவின் பின்னணியை மாற்ற எந்த வழி?

பாஸ்போர்ட் போட்டோவில் பின்னணியை மாற்றியிருக்கிறார்கள் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது தலைமுடிதான். உச்சந்தலை கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல வழவழவென்று இருக்கும். இல்லையென்றால் முடியைச் சுற்றி மெல்லிசாக நீலமாகவோ சாம்பலாகவோ ஒரு கோடு ஓடும். அடுத்தது காது மடல். அதில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அப்புறம் தோள்பட்டை, படிக்கட்டு மாதிரி.

இதைத் தவிர்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. படத்தையே மறுபடி எடுப்பது, இருக்கிற சுவரை மட்டும் வெளுப்பது, பின்னணியைத் தானாக நீக்கும் செயலியிடம் கொடுப்பது, கையால் தேர்வு செய்து வெட்டுவது. இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. படத்தில் பின்னால் என்ன நிறம், முடி என்ன நிறம் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். பலரும் நேராக வெட்டப் போகிறார்கள். வெட்டாமலே முடியக்கூடிய படங்கள் நிறைய இருக்கின்றன என்பதுதான் என் கட்சி.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் நாடு பின்னணியைத் திருத்த அனுமதிக்கிறதா? அமெரிக்க வெளியுறவுத் துறை வெள்ளை அல்லது வெள்ளையை ஒட்டிய பின்னணி கேட்கிறது. மென்பொருள், போன் செயலி, ஃபில்டர் எதைக் கொண்டும் படத்தை மாற்றக்கூடாது என்றும் சொல்கிறது. பிரிட்டனும் கணினியில் திருத்தாத படத்தைத்தான் கேட்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு முதல் வழியைத் தவிர வேறு வழியில்லை. திருத்தம் எவ்வளவு அழகாக வந்தாலும் விதி விதிதான்.

பிசிறு எங்கிருந்து வருகிறது

முடியின் ஓரத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்தப் பக்கம் முடி, அந்தப் பக்கம் சுவர் என்று பிரிக்கும் கோடு எங்கேயும் இருக்காது. நடுவில் இரண்டு, மூன்று பிக்சல் அகலத்துக்கு முடியின் நிறமும் சுவரின் நிறமும் கலந்து கிடக்கும். ஒரு முடியிழை பிக்சலின் பாதியை மறைத்தால் அந்த பிக்சலில் பாதி முடி, பாதி சுவர். எல்லாத் தொல்லையும் இந்தக் கலப்பில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கருப்பு முடி, நிறம் சிவப்பு-பச்சை-நீலம் வரிசையில், 0 முதல் 255 வரையான அளவில், 40, 30, 25. பின்னால் நீலச் சுவர், 120, 160, 200. பாதிப் பாதி கலந்த பிக்சல் சுமார் 80, 95, 112 ஆக இருக்கும். அந்தச் சுவரை எடுத்துவிட்டு வெள்ளை வைத்தால், முடி உண்மையிலேயே வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருந்திருந்தால் எப்படித் தெரியுமோ அப்படி, 147, 142, 140 வர வேண்டும். மங்கலான பழுப்பு. ஆனால் வெட்டும் கருவி அந்த பிக்சலைப் பாதி ஊடுருவும்படி மட்டும் ஆக்கி, அதில் ஊறியிருக்கும் நீலத்தை அப்படியே விட்டுவிட்டால் 167, 175, 184 என்று நிற்கும். தேவையானதைவிட வெளிறியது, அதோடு நீலம் ஏறியது. தலையைச் சுற்றித் தெரியும் அந்த ஒளிவட்டம் இதுதான்.

ஆகவே வெட்டுபவருக்கு இரண்டு வேலை. எந்த பிக்சலில் எத்தனை பங்கு முடி என்று சரியாகக் கணிக்க வேண்டும். அதில் கலந்திருக்கும் பழைய சுவரின் நிறத்தையும் கழிக்க வேண்டும். முதல் வேலை தப்பினால் ரம்பப்பல் விளிம்பு வரும். இரண்டாவது தப்பினால் ஒளிவட்டம். மந்திரக்கோல் கருவியால் சுவரைத் தொட்டுத் தேர்வு செய்து அழித்தால் இரண்டும் சேர்ந்தே வரும், ஏனென்றால் அது ஒவ்வொரு பிக்சலையும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் பார்க்கிறது.

சுவர் வெளிறியதாக இருந்தால்: வெளுங்கள்

வீட்டில் எடுத்த படங்களில் பெரும்பாலும் இருப்பது அழுக்கு வெள்ளையோ கிரீமோ பூசிய சுவர். ‘வெள்ளை இல்லையே’ என்று அதை வெட்டப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே முடி, ஆனால் சுவர் 215, 213, 205 என்ற கிரீம் சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். கலந்த பிக்சல் 127, 121, 115. சுவரின் ஒவ்வொரு நிறத்தையும் 255 வரை இழுத்து ஏற்றினால் இந்த பிக்சலும் அதே விகிதத்தில் ஏறி 151, 145, 143 ஆகும். உண்மையான வெள்ளைச் சுவருக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது 147, 142, 140. மூன்று, நான்கு எண் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது. ஒரு முடியைக்கூடத் தேர்வு செய்யவில்லை. விளிம்பு தானாகவே சரியாகிவிட்டது.

நீலச் சுவரில் இதையே செய்தால் 170, 151, 143 என்று முடியோரம் செம்பட்டையாகிவிடும். இந்த வழியின் எல்லை அதுதான். நான் வைத்திருக்கும் அளவு இது: நிறம் எடுக்கும் கருவியால் சுவரின் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். மூன்று எண்களும் எல்லா இடத்திலும் 200க்கு மேல் இருந்தால் வெளுக்கலாம். 180 பக்கம் வந்தால் கொஞ்சம் சிரமம். அதற்கும் கீழே போனால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

இலவச மென்பொருளான கிம்ப்பில் செய்முறை இப்படி. படத்தின் லேயரை நகல் எடுத்து, நகலில் `Colors > Levels` திறந்து, வெள்ளைப்புள்ளியைத் தேர்வு செய்யும் சொட்டுக்குழாயால் சுவரைத் தொட வேண்டும். சுவரின் வெளிச்சமான பகுதியைத் தொட்டால் இருட்டான மூலை சாம்பலாகவே நின்றுவிடும். ஆகவே ஓரளவு மங்கலான இடத்தைத் தொடுங்கள். வெளிச்சமான பக்கத்தில் முடியிழைகள் ஒரு சொட்டு மெலியும், பரவாயில்லை.

இப்போது சுவர் வெள்ளையாகிவிட்டது, முகமும் வெளுத்துப்போய்விட்டது. நகல் லேயருக்கு `Layer > Mask > Add Layer Mask` மூலம் ஒரு வெள்ளை மாஸ்க் சேர்த்து, முகத்தின் மேலும் உடையின் மேலும் கருப்பு பிரஷால் பூசினால் அடியிலிருக்கும் பழைய முகம் திரும்ப வரும்.

இந்தப் பூச்சில்தான் கவனம் வேண்டும். முடி உள்ள பகுதியில் பெரிய மிருதுவான பிரஷ் போதும், அதுவும் முடிக்கற்றைக்கு உள்ளேயே நின்றுவிட வேண்டும், ஓரத்துக்கு வரவே கூடாது. கருமுடியின் 40 என்ற எண் வெளுத்தபின் 47தான் ஆகிறது. அதனால் மாஸ்க்கின் எல்லை கற்றைக்குள் எங்கே ஓடினாலும் தெரியாது. கன்னம், காது, கழுத்து வேறு கதை. தோலில் 190 இருந்த இடம் 225 ஆகிவிடும், ஆகவே எல்லை உள்ளே நின்றால் முகத்தைச் சுற்றி ஒரு வெளிறிய பட்டை தெரியும். அங்கே சிறிய பிரஷ், இரண்டு மூன்று பிக்சல் மிருது, தோலின் ஓரம்வரை நெருங்கிப் போக வேண்டும். பொறுமை தேவைப்படும் ஒரே இடம் இது. பழகினால் முழு வேலையும் பத்து நிமிடத்துக்குள் அடங்கும்.

காதுக்குப் பின்னாலும் தோளுக்கு மேலும் நிழல் மிச்சம் இருந்தால் `Dodge / Burn` கருவியை `Highlights` என்ற வரம்பில் வைத்து, 10 முதல் 15 வரையான குறைந்த `Exposure` அளவில் இரண்டு மூன்று முறை தடவுங்கள். இந்த வரம்பு வெளிச்சமான பிக்சல்களைத்தான் முக்கியமாகத் தொடும் என்பதால் கருமுடி பிழைத்துக்கொள்ளும். தோலின் மேல் மட்டும் படவிடாதீர்கள்.

முடிந்ததா என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது. 243க்கும் 255க்கும் இடையிலான திட்டுகள் திரையில் பெரும்பாலும் தெரியாது, அச்சில் தெரிந்துவிடும். `Layer > New from Visible` கொடுத்து, அந்தப் புது லேயரில் `Colors > Threshold` திறந்து நகர்த்தியை ஏறக்குறைய வலது கோடிக்குக் கொண்டுபோங்கள். வெளுக்காமல் விட்ட இடமெல்லாம் கருப்புத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். பார்த்தபின் அந்த லேயரை நீக்கிவிடலாம்.

இந்த வழிக்கு இரண்டு இடத்தில் சறுக்கல் உண்டு. ஒன்று, வெள்ளைச் சட்டை. சுவரோடு சேர்ந்து தோளும் கரைந்துவிடும். மாஸ்க்கில் தோளின் கோட்டைக் கையால் துல்லியமாக வரைய வேண்டியிருக்கும். இரண்டு, நரைமுடி. அதன் நிறமே 200ஐத் தொடுவதால் ஓரத்து இழைகள் சுவரோடு போய்விடும். நரைத்தவர்களுக்கு நான் சொல்வது, விதி இடம் கொடுத்தால் முழு வெள்ளைக்குப் போகாமல் 245 பக்கத்தில் நிறுத்துங்கள். அதையும் பெரும்பாலானவர்கள் வெள்ளையாகத்தான் பார்ப்பார்கள். இழைகளும் கொஞ்சம் மிஞ்சும்.

தானாக நீக்கும் செயலிகள்

அடர்நிறச் சுவர், ஜன்னல் திரை, பின்னால் அலமாரி என்று இருந்தால் வெளுப்பது நடக்காது. அங்கேதான் ஒரே சொடுக்கில் பின்னணியை நீக்கும் செயலிகள் கைகொடுக்கும். வழுக்கைத் தலை, ஒட்ட வெட்டிய முடி, இறுக்கிப் படிய வாரிய முடி என்றால் முடிவு நன்றாகவே வரும், அதற்கு மேல் பாடுபடத் தேவையில்லை. சுருள்முடி, விரித்த முடி, காற்றில் எழுந்து நிற்கும் இழைகள் என்றால்தான் சிக்கல். இந்தச் செயலிகளில் பல, படத்தைச் சிறிதாக்கி உருவத்தைக் கண்டுபிடித்து, கிடைத்த மாஸ்க்கை மறுபடி பெரிதாக்குகின்றன. மெல்லிய இழை அந்தச் சிறு அளவில் இருக்கவே இருக்காது. அதனால் உச்சந்தலை அலை அலையான ஒரு கோடாக மாறிவிடும்.

வெள்ளைப் பின்னணியில் வைத்து மட்டும் முடிவைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அடியில் பளிச்சென்ற பச்சை லேயர் ஒன்றை வைத்து, 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சந்தலை, காது மடல், கண்ணாடிக் காம்பு, கழுத்துக்கும் முடிக்கும் நடுவிலிருக்கும் இடுக்கு, தோள். இடுக்கில் பழைய சுவரின் துண்டு ஒட்டிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். காது மடலோ தாடையின் ஓரமோ குறைந்திருந்தால் அந்தப் படத்தைக் கொடுக்காதீர்கள். பின்னணி மாறலாம், முகத்தின் வடிவம் மாறக்கூடாது. முகத்தை அளந்து ஒப்பிடுவதற்குத்தானே அந்தப் படமே.

ஒளிவட்டம் மட்டும்தான் குறை என்றால் சரிசெய்ய ஒரு சுருக்கு வழி உண்டு. வெட்டிய படத்தை கிம்ப்பில் திறந்து லேயரின் `Lock alpha channel` பூட்டைப் போடுங்கள். இனி பிரஷ் எங்கே பட்டாலும் ஊடுருவும் அளவு மாறாது, நிறம் மட்டும் மாறும். `Clone` என்ற நகல் முத்திரைக் கருவியில், சற்று உள்ளேயிருக்கும் நல்ல முடியை மூலமாக எடுத்து நீலம் ஏறிய ஓரத்தின் மேல் பூசினால் கோடு மறைந்து முடி நிறம் வந்துவிடும். முன்பு பார்த்த இரண்டாவது வேலையை, நிறத்தைக் கழிப்பதை, கையால் செய்வது இது.

இன்னொன்று, இணையதளச் செயலி என்றால் உங்கள் முகம் வேறொருவரின் கணினிக்குப் போகிறது. அடையாள ஆவணத்துக்கான படம் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு.

கையால் தேர்வு செய்வது

போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு `Select and Mask` இருக்கிறது. உருவத்தைத் தேர்வு செய்தபின் `Refine Edge Brush` கொண்டு முடியின் ஓரத்தை மட்டும் தடவினால், அந்தக் கலப்பு பிக்சல்களில் எத்தனை பங்கு முடி என்று அதுவே கணிக்கும். `Decontaminate Colors` என்ற பெட்டியைக் குறித்தால் பழைய நிறத்தையும் கழிக்கும். அளவை முழுக்க ஏற்றாமல் பாதிக்குச் சற்று மேலே நிறுத்துவது என் பழக்கம். அதற்கு மேல் போனால் தோலின் ஓரத்து நிறமும் இழுபடுகிறது. கன்னத்தையும் காதையும் அந்த பிரஷால் தொடவே தொடாதீர்கள். அங்கே விளிம்பு தெளிவானது, முடிக்கான கருவி பட்டால் வீணாக மங்கிவிடும். கிம்ப்பில் இதற்கு நிகரானது `Foreground Select` கருவி. வேலை செய்யும், ஆனால் மெதுவானது, சுருள்முடியில் பலமுறை திருத்த வேண்டிவரும்.

உழைப்புக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இந்த வழி எனக்குக் கடைசி. மறுபடி எடுக்கவே முடியாத படம், அடர்நிறப் பின்னணி, விரிந்த முடி மூன்றும் சேர்ந்தால் மட்டும் இதற்கு வருவேன்.

மறுபடி எடுப்பது

ஆள் பக்கத்தில் இருந்தால் இதுவே எல்லாவற்றையும்விட விரைவு. பின்னணி கெடுவது பெரும்பாலும் சுவரின் குற்றமே இல்லை, வெளிச்சத்தின் குற்றம். நல்ல வெள்ளைச் சுவராக இருந்தாலும், முகத்தில் விழும் வெளிச்சத்தில் பாதிதான் அதன்மேல் விழுகிறது என்றால் படத்தில் அது 188 பக்கத்துச் சாம்பலாகத்தான் பதியும். சுவரோடு ஒட்டி நின்றாலோ தலைக்குப் பின்னால் நிழல் விழும். ஆகவே சுவரிலிருந்து ஒரு மீட்டராவது முன்னால் நிற்க வைத்து, முகத்துக்கும் சுவருக்கும் ஒரே பெரிய ஜன்னலின் வெளிச்சம் கிடைக்கும்படி பாருங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வெள்ளைத் துணி தொங்கவிடுவதாக இருந்தால் இஸ்திரி போட்டது. மடிப்புக் கோடு படத்தில் அப்படியே விழும்.

திருத்த அனுமதி இருக்கும் இடத்திலும் மறுபடி எடுப்பதும் வெளுப்பதும் சேர்ந்தால்தான் நல்லது. முழு வெள்ளை வராவிட்டாலும் பரவாயில்லை, 200ஐத் தாண்டினால் மீதியை வெளுத்துக்கொள்ளலாம். அடர்நிறச் சட்டை போடச் சொன்னால் தோள் தொல்லையும் தீர்ந்தது.

நீலமோ சிவப்போ கேட்டால்

சில இடங்களில் வெள்ளைக்குப் பதில் நிறப் பின்னணி கேட்பார்கள். அப்போதும் முதலில் வெள்ளைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு அடியில் நிற லேயர், அதன்மேல் வெள்ளைப் பின்னணிப் படம் `Multiply` முறையில், எல்லாவற்றுக்கும் மேலே அதே படம் சாதாரண முறையில், முகத்தையும் உடையையும் மட்டும் காட்டும் மாஸ்க்கோடு. வெள்ளை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நிறம் வந்துவிடும். கருமுடி கருமுடியாகவே இருக்கும். ஓர இழைகள் உள்ளதைவிட ஒரு சாயல் இருண்டு தெரியும், ஆனால் வெள்ளைக் கோடு வராது. மாஸ்க்கின் விதி முன்பு சொன்னதேதான், முடிக்குள் எல்லையைப் பின்வாங்குங்கள், தோலில் ஓரம்வரை போங்கள்.

கடைசியில் சேமிக்கும்போது

நன்றாகச் செய்த விளிம்பையும் கெடுக்கும் இடம் இது. எந்த வழியானாலும் கேமராவிலிருந்து வந்த முழு அளவுப் படத்தில்தான் வேலை செய்ய வேண்டும். 35க்கு 45 மில்லிமீட்டர் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் வெறும் 413க்கு 531 பிக்சல். அந்த அளவில் உட்கார்ந்து முடியோரத்தைத் திருத்தினால் ஒரு பிக்சல் பிழைகூடப் பல்லாகத் தெரியும். முழு அளவில் திருத்திக் கடைசியில் சுருக்கினால் சின்னக் குறைகள் சுருக்கத்திலேயே கரைந்துபோகும். மெசேஜ் செயலி வழியாக வந்த படம் ஏற்கெனவே அழுத்திச் சுருக்கப்பட்டிருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

ஜேபெக் கோப்பில் ஊடுருவும் தன்மை கிடையாது. வெட்டிய படத்துக்கு அடியில் வெள்ளை லேயர் வைத்து, லேயர்களை ஒன்றாக்கிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். இல்லையென்றால் சில மென்பொருள்களில் பின்னணி கருப்பாகிவிடும். ஜேபெக் நிறத்தைப் பாதி அளவில்தான் சேமிக்கும் வழக்கம் உள்ளது, முடியோரத்தில் நிறம் கசிவது அதனால்தான். கிம்ப்பின் ஏற்றுமதிப் பெட்டியில் `Subsampling` என்பதை `4:4:4` ஆக்கினால் கசியாது. தரம் 90. கோப்பு கேட்ட கிலோபைட்டுக்குள் வராவிட்டால், விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச பிக்சல் அளவுவரை முதலில் படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள், தரத்தை அதற்குப் பிறகு குறையுங்கள். தரம் 60க்குக் கீழே போகப் போக, வெள்ளையில் முடியைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் எழுந்துவிடும். அப்புறம் அதைத் தேய்த்து எடுக்க வழியில்லை, லேயர்களோடு சேமித்து வைத்த மூலக் கோப்பைத் திறந்து மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டியதுதான்.